மெனு பொத்தானை அழுத்தினால் எடை சரியாகிறது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்னணுத் தராசுக்கான போர்டு என் மேசைக்கு வந்தது. தராசுத் தட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி நொடிக்கு ஒரு முறை 64 பைட் நீளமுள்ள செய்தி ஒன்றை அனுப்பும். முன்பாதியில் பெட்டியின் எண், தேதி, நேரம். பின்பாதியில் எடை. போர்டு அதை வாங்கித் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தட்டில் 12.40 கிலோ வைத்தேன். திரையில் 12.40 வந்தது. அதை எடுத்துவிட்டு 7.25 வைத்தேன். திரையில் 12.40. தட்டைக் காலி செய்தேன். அப்போதும் 12.40.

கம்பியில் லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தால் செய்திகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன; காலித் தட்டுக்கு 0.00 என்றே பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது. ‘64 பைட்டும் வந்துவிட்டது’ என்ற இன்டரப்டும் நொடிக்கொரு முறை தவறாமல் அடித்தது. ஆனால் நிரல் படித்தது மட்டும் பழைய எடை. இதில் வேடிக்கை என்னவென்றால், மெனு பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்து மூடினால் எடை சரியாகிவிடும். சரியான எடையைக் காட்டிவிட்டு அதிலேயே மறுபடி உறைந்துவிடும். பொத்தானின் சாலிடரில்தான் கோளாறு என்று எண்ணி அதை இரண்டு முறை பற்றவைத்தேன் என்பதை இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

பொத்தானில் ஒன்றுமில்லை. போர்டில் இருந்தது கார்ட்டெக்ஸ் எம்7 என்ற ப்ராசஸரைக் கொண்ட எஸ்டிஎம்32எச்743 சில்லு. அதற்குள் ஒரே விஷயத்துக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று புதியது, ஒன்று பழையது. நிரல் பழையதைப் படித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பிரதி எப்படி வந்தது என்பதற்கு ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளலாம். கடையின் பேரேடு உள்ளறை அலமாரியில் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி ஒவ்வொரு பாக்கிக்கும் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. அதனால் அடிக்கடி வருகிறவர்களின் கணக்கைப் பேரேட்டிலிருந்து பார்த்துக் கைச்சிட்டையில் எழுதி வைத்துக்கொள்கிறார். புதிய கடனையும் சிட்டையிலேயே குறிக்கிறார். பேரேட்டில் ஏற்றுவதெல்லாம் பிறகு, சிட்டையில் இடம் போதாதபோது.

ப்ராசஸருக்குக் கைச்சிட்டைதான் கேஷ். கல்லாவில் இருக்கும் கேஷ் அல்ல; ஒலி மட்டும்தான் ஒன்று. பேரேடு என்பது நினைவகம். இந்தச் சில்லில் தரவுக்கான கேஷ் 16 கிலோபைட். ப்ராசஸர் ஒரு பைட்டைக் கேட்டாலும் கேஷ் ஒரு பைட்டை மட்டும் கொண்டுவராது. அந்த பைட் இருக்கும் 32 பைட் துண்டை முழுதாகக் கொண்டுவரும். அந்தத் துண்டுக்குப் பெயர் லைன். 16 கிலோபைட்டில் இப்படி 512 லைன்கள் அடங்கும். ப்ராசஸர் எதையாவது மாற்றி எழுதினால் மாற்றம் கேஷ் லைனில் மட்டும் நிகழும். அந்த லைனுக்கு ‘அழுக்கு’ என்று ஒரு குறி விழும். வேறு எதற்காவது அந்த இடம் தேவைப்படும்போதுதான் அழுக்கு லைன் நினைவகத்துக்குப் போய்ச் சேரும். சிட்டையைப் பார்க்கிறவரும் எழுதுகிறவரும் ஒருவரே என்றால் இதில் எந்தச் சிக்கலும் கிடையாது.

இரண்டாவது ஆள் வரும்போதுதான் தகராறு தொடங்குகிறது. தராசுச் செய்தி நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வருகிறது. ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளைச் சேர்த்து 10 பிட் என்றால் 64 பைட் வந்து முடிய ஐந்தரை மில்லிநொடி ஆகும். 400 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸருக்கு அது 22 லட்சம் துடிப்புகள். அத்தனை நேரம் வாசலில் நின்று பைட் பைட்டாக வாங்கி வைப்பது அதன் தகுதிக்கு ஏற்ற வேலை இல்லை. அதனால் சில்லுக்குள் டிஎம்ஏ என்று தனியாக ஒரு வேலையாள் இருக்கிறார். ‘இன்ன இடத்திலிருந்து 64 பைட் வாங்கு, நினைவகத்தில் இன்ன முகவரியிலிருந்து வரிசையாக வை, முடிந்ததும் மணி அடி’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். ப்ராசஸர் தன் வேலையைப் பார்க்கலாம்.

மளிகைக் கடையில் இவர் கணக்குப்பிள்ளை. உள்ளறையில் உட்கார்ந்து நேராகப் பேரேட்டில் எழுதுகிறவர். கல்லாவில் சிட்டை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இனி தராசுக்கு வருவோம். போர்டுக்கு மின்சாரம் வந்ததும் முதல் செய்தி 12.40 என்று வருகிறது. டிஎம்ஏ அதை நினைவகத்தில் வைக்கிறது. நிரல் அந்த இடத்தை அதுவரை படித்ததே இல்லை என்பதால் கேஷில் அதன் பிரதி கிடையாது. நிரல் படிக்கிறது, 64 பைட்டும் இரண்டு லைன்களாகக் கேஷுக்குள் ஏறுகின்றன, திரையில் 12.40 வருகிறது. முதல் செய்தி எப்போதும் சரியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அடுத்த நொடி 7.25 வருகிறது. டிஎம்ஏ அதையும் நினைவகத்தில் ஒழுங்காக வைத்து மணி அடிக்கிறது. நிரல் படிக்கப் போகிறது. ‘அந்த முகவரியா? என்னிடமே இருக்கிறதே’ என்று கேஷ் 12.40ஐ எடுத்து நீட்டுகிறது. கேஷைப் பொறுத்தவரை அது பொய் சொல்லவில்லை. அது அறிந்த உலகத்தில் யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை.

மெனுவைத் திறந்தால் என்ன ஆகிறது? மெனுவின் படத்தை வரைய நிரல் பல பத்துக் கிலோபைட் தரவைக் கையாள்கிறது. 16 கிலோபைட் கேஷில் அவ்வளவும் புகுந்து வெளியேறும்போது, நெரிசலில் தராசின் இரண்டு லைன்களும் வெளியே தள்ளப்படுகின்றன. அடுத்த முறை எடையைப் படிக்கும்போது கேஷில் பிரதி இல்லை. நினைவகத்திலிருந்து புதிதாக வருகிறது. மறுபடி உறைகிறது. நிரலுக்குள் `printf` போட்டுத் தேடினால் பிழை காணாமல் போவதும், எடுத்தால் திரும்ப வருவதும் சில வேளைகளில் இதே காரணத்தால்தான்: பிழையைத் தேடப் போனவர் கேஷைக் கலைத்துவிடுகிறார்.

சில வேளைகளில் இரண்டு லைன்களில் ஒன்று மட்டும் வெளியே தள்ளப்படும். அப்போது நேரம் புதியதாகவும் எடை பழையதாகவும் ஒரே செய்தியில் வந்து நிற்கும். இந்த நோயின் அடையாளம் இதுவே. கம்பியில் வரும் இரைச்சல் எந்த பைட்டை வேண்டுமானாலும் கெடுக்கும். கேஷ் கெடுப்பது 32 பைட் கட்டங்களாக மட்டுமே. தவறான பகுதி தொடங்கும் முகவரியும் முடியும் முகவரியும் 32ஆல் வகுபட்டால் கம்பியையும் சாலிடரையும் விட்டுவிட்டுக் கேஷைப் பார்க்கலாம். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: தரவுக் கேஷை முழுவதும் அணைத்துவிட்டு நிரலை ஓட்டிப் பார்ப்பது. பிழை மறைந்தால் ஏறக்குறைய உறுதி. நிரல் மெதுவாகும், ஆனால் மனம் தெளியும்.

இந்தச் சில்லில் முதன்முதலாக வேலை செய்கிறவர்கள் இதற்கும் முன்பே ஒரு பள்ளத்தில் விழுவதுண்டு. 0x20000000 முகவரியில் தொடங்கும் டிடிசிஎம் என்ற நினைவகப் பகுதி ப்ராசஸரோடு ஒட்டியது; கேஷ் அதற்குத் தேவையே இல்லை. ஆனால் சாதாரண டிஎம்ஏ அதை எட்ட முடியாது. மாறிகள் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் செய்தி வரவே வராது. வேறு வழியின்றி 0x24000000இல் தொடங்கும் 512 கிலோபைட் பகுதிக்கு மாற்றுவார்கள். செய்தி வரத் தொடங்கும். கேஷும் வந்து சேர்ந்துகொள்ளும்.

மருந்து என்ன? வன்பொருள் தானாகச் செய்யாததை நிரல் கையால் செய்ய வேண்டும். அதற்கு ப்ராசஸர் இரண்டு கருவிகளைத் தருகிறது. முதலாவது ‘க்ளீன்’: அழுக்கு லைன்களை உடனே நினைவகத்தில் எழுதச் சொல்வது. சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றுவது போல. இரண்டாவது ‘இன்வாலிடேட்’: கேஷில் இருக்கும் பிரதி செல்லாது என்று அடித்துவிடுவது. அடுத்த முறை கேட்டால் பேரேட்டையே பார்த்தாக வேண்டும்.

எது எப்போது என்பது தரவு போகும் திசையைப் பொறுத்தது. ப்ராசஸர் எழுதியதை டிஎம்ஏ வெளியே அனுப்பப் போகிறது என்றால், அனுப்பும் முன் க்ளீன். இல்லாவிட்டால் புதிய வாசகம் கேஷிலேயே இருக்க, டிஎம்ஏ பழைய வாசகத்தை அனுப்பிவிட்டு வரும். வெளியிலிருந்து டிஎம்ஏ கொண்டுவந்ததை ப்ராசஸர் படிக்கப் போகிறது என்றால், படிக்கும் முன் இன்வாலிடேட். தராசு போர்டில் நான் சேர்த்தது கடைசி வரி மட்டும்தான்:

```c
uint8_t rx[64] __attribute__((aligned(32)));

HAL_UART_Receive_DMA(&huart3, rx, 64);
/* 64 பைட்டும் வந்து மணி அடித்த பின் */
SCB_InvalidateDCache_by_Addr((uint32_t *)rx, 64);
```

எடை அசைந்தது. ஒரு நாள் முழுதும் ஓடியது. மறுநாள் வேறொரு கோளாறு.

செய்திகளுக்கு நடுவில் பஃபரைத் துடைத்து வைப்பது நல்ல பழக்கம் என்று நினைத்து, டிஎம்ஏவைத் தொடங்கும் முன் `memset` கொண்டு 64 பைட்டிலும் பூஜ்யம் எழுதியிருந்தேன். அந்தப் பூஜ்யங்கள் எங்கே போயின? கேஷுக்கு. இரண்டு லைன்களும் அழுக்கு. டிஎம்ஏ நினைவகத்தில் செய்தியை வைத்து முடிக்கும் நேரத்தில் யாராவது மெனுவைத் திறந்தால், நெரிசலில் அழுக்கு லைன் வெளியே தள்ளப்படும். தள்ளப்படும்போது தன்னிடமிருக்கும் பூஜ்யங்களை நினைவகத்தில் எழுதிவிட்டுத்தான் போகும். புதிதாக வந்த செய்தியின் தலைமேலேயே. பிறகு எத்தனை முறை இன்வாலிடேட் செய்தாலும் பயனில்லை, பேரேடே கெட்டுவிட்டது. முதல் நோயில் சரியான தரவு நினைவகத்தில் பத்திரமாக இருந்தது, பார்க்கத்தான் முடியவில்லை. இந்த நோயில் தரவே அழிந்தது. அதனால் உள்ளே வரும் திசையில் இரண்டு முறை சடங்கு தேவைப்படுகிறது: டிஎம்ஏவைத் தொடங்கும் முன் ஒரு முறை, அழுக்கு லைன் எதுவும் மிச்சமில்லாதபடி, முடிந்த பின் ஒரு முறை, பழைய பிரதி எதுவும் மிச்சமில்லாதபடி.

முன்பே துடைத்தாயிற்றே, பின்னால் மறுபடி எதற்கு என்று தோன்றும். இன்றைய ப்ராசஸர்கள் கேட்டதை மட்டும் கொண்டுவருவதில்லை. ‘அடுத்து இதைத்தான் கேட்பார்’ என்று ஊகித்துக் கேட்காததையும் முன்கூட்டியே கேஷில் ஏற்றிவைக்கும். டிஎம்ஏ பாதி எழுதியிருக்கும் வேளையில் அப்படி ஒரு ஊகம் நடந்தால் பழைய பாதி கேஷில் ஏறிவிடும். நிரலில் எந்த வரியும் அந்த பஃபரைத் தொட்டிருக்காது. ஆனாலும் பிரதி இருக்கும்.

மூன்றாவது பிழைதான் எனக்குப் பிடித்தது. பிடிபட அதிக நாள் எடுத்துக்கொண்டதும் அதுவே. பின்னாளில் வேறு ஒரு கருவிக்கு 40 பைட் செய்தி ஒன்று தேவைப்பட்டது. அதற்கான பஃபருக்கு `aligned(32)` போட மறந்துவிட்டேன். அது 0x24000110 முகவரியில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து 40 பைட் என்றால் 0x24000137 வரை. லைன்களோ 0x24000100இலும் 0x24000120இலும் தொடங்குகின்றன. இரண்டாவது லைன் 0x2400013F வரை போகும். ஆகவே அந்த லைனின் கடைசி 8 பைட் பஃபருக்குச் சொந்தமில்லை. அதில் குடியிருந்தது, இதுவரை எத்தனை முறை எடை போட்டோம் என்ற எண்ணிக்கை.

எண்ணிக்கை 41 என்று வைத்துக்கொள்வோம். நிரல் அதை 42 ஆக்குகிறது. 42 கேஷில், நினைவகத்தில் இன்னும் 41. அதே வேளையில் டிஎம்ஏ முடிந்து மணி அடிக்கிறது. பஃபரை இன்வாலிடேட் செய்கிறேன். கேஷுக்கு அரை லைனைச் செல்லாததாக்கத் தெரியாது. முழு லைனும் போகிறது. 42உம் போகிறது. அடுத்த முறை படித்தால் 41. நாள் முழுதும் எடை போட்ட பிறகு எண்ணிக்கையில் நாலைந்து குறையும். யாருக்கும் புரியாது.

அப்படியானால் இன்வாலிடேட்டுக்கு முன் ஒரு க்ளீன் செய்துவிட்டால்? 42 நினைவகத்துக்குப் போய்ச் சேரும், உண்மை. ஆனால் அதே லைனில் பஃபரின் வாலும் இருக்கிறது. க்ளீன் முழு லைனையும் எழுதும். எண்ணிக்கை பிழைக்கும், டிஎம்ஏ புதிதாக வைத்த 24 பைட் பழையதாகிவிடும். ஒரே தாளில் இரண்டு பேர் எழுதினால் யார் தாளை வைத்துக்கொள்வது, யார் தாளைக் கிழிப்பது? எதைச் செய்தாலும் ஒருவருக்கு நஷ்டம். மருந்து, தாளைப் பகிராமல் இருப்பதுதான். பஃபர் 32இன் மடங்கில் தொடங்க வேண்டும், அதன் நீளமும் 32இன் மடங்காக இருக்க வேண்டும். 40 பைட் தேவைக்கு 64 பைட் ஒதுக்க வேண்டும். 24 பைட் வீணாவதைப் பார்த்து மனம் கசக்கும்தான், கசக்கட்டும்.

இந்த இடத்தில் அலுத்துப்போய் `SCB_InvalidateDCache()` என்று மொத்தக் கேஷையும் அடித்துவிடத் தோன்றும். செய்தும் பார்த்தேன். 512 லைன்களிலும் இருந்த அழுக்கெல்லாம், அதாவது நிரலின் மற்ற மாறிகளும் திரும்பிப்போக வைத்திருந்த முகவரிகளும்கூட, எழுதப்படாமலே மறைந்தன. போர்டு செத்து விழுந்தது. முழுக் கேஷையும் க்ளீன் செய்வதில் ஆபத்து குறைவு, பெரிய பஃபர் என்றால் அது லாபமும்கூட. முழுதாக இன்வாலிடேட் செய்வதற்கு, கேஷை முதலில் இயக்கும் நேரத்தைத் தவிர வேறு நல்ல வேளை எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவு தொல்லைக்குப் பதில், டிஎம்ஏ தொடும் இடத்தைக் கேஷே தொடாதபடி செய்துவிடலாமே? செய்யலாம். ப்ராசஸருக்குள் எம்பியு என்று ஓர் அங்கம் உண்டு. நினைவகத்தின் இன்ன பகுதியைக் கேஷில் ஏற்றாதே என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் ப்ராசஸர் உள்ளறை வரை நடக்க வேண்டும் என்பதுதான் விலை. ஒரு பெரிய படத்தைத் திரும்பத் திரும்ப அலசும் வேலைக்கு அந்த விலை கட்டுபடியாகாது. ஆனால் ஓரிடத்தில் இதுவே வழக்கமான வழி: ஈதர்நெட்.

இதே சில்லின் ஈதர்நெட் பகுதிக்குச் சொந்தமாக ஒரு டிஎம்ஏ உண்டு. அதற்கு வேலைகளை ப்ராசஸர் ஒரு பட்டியலாக நினைவகத்தில் எழுதிவைக்கும். பட்டியலின் ஒவ்வொரு உருப்படியும் 16 பைட். டிஸ்கிரிப்டர் என்று பெயர். பஃபர் எங்கே, எவ்வளவு நீளம் என்பவற்றோடு, ‘இது இப்போது யாருடையது’ என்று சொல்லும் ஒரு பிட்டும் அதில் இருக்கும். பிட் 1 என்றால் டிஎம்ஏவுடையது. வேலை முடிந்ததும் டிஎம்ஏ அதை 0 ஆக்கி ப்ராசஸருக்குத் திருப்பித் தரும். நல்ல ஏற்பாடு. ஆனால் 16 பைட் உருப்படிகளை அடுத்தடுத்து வைத்தால் 32 பைட் லைனில் இரண்டு வந்து விழும். முதல் உருப்படி ப்ராசஸரின் கையில், இரண்டாவது டிஎம்ஏவின் கையில் இருப்பது அன்றாடம் நடப்பது. மேலே சொன்ன 41, 42 கதை ஒவ்வொரு நெட்வொர்க் பாக்கெட்டுக்கும் நடக்கும். பட்டியலைக் கேஷ் தொடாத பகுதியிலும், உண்மையான தரவைக் கேஷ் உள்ள பகுதியிலும் வைப்பது இந்தச் சில்லில் வழக்கமான தீர்வு.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு மடிக்கணினிக்காரர் கேட்கலாம்: என் கணினியிலும் வட்டு இருக்கிறது, வைஃபை இருக்கிறது, எல்லாம் டிஎம்ஏ செய்கின்றன, யார் அங்கே இன்வாலிடேட் செய்கிறார்கள்? அங்கே பெரும்பாலும் வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. வழி ஒட்டுக்கேட்பது.

1989இல் வந்த இன்டெல் 486 ப்ராசஸரில் 8 கிலோபைட் கேஷ் உள்ளேயே இருந்தது. வேறு சாதனம் நினைவகத்தில் எழுதும்போது அந்த முகவரியை ப்ராசஸர் பஸ்ஸின்மேல் காது வைத்துக் கேட்டுக்கொள்ளும். தன்னிடம் அதே முகவரியின் பிரதி இருந்தால் செல்லாது என்று அடித்துவிடும். முதலில் வந்த 486இன் கேஷ், எழுதியதை உடனுக்குடன் நினைவகத்துக்கும் அனுப்பிவிடும் வகை. அதில் அழுக்கு லைன் என்ற பேச்சே கிடையாது. ஆகவே ஒரு திசைக்கு மட்டும் ஒட்டுக்கேட்டால் போதுமாக இருந்தது. 1993இல் வந்த பென்டியத்தில், சிட்டையில் குறித்துப் பின்னால் ஏற்றும் வகைத் தரவுக் கேஷ் வந்தது. இப்போது சாதனம் நினைவகத்தைப் படிக்கும்போதும் குறுக்கே விழ வேண்டியதாயிற்று: ‘நில், அந்த இடத்தின் புதிய மதிப்பு என்னிடம் இருக்கிறது.’ ஒவ்வொரு லைனும் மாற்றப்பட்டதா, தன்னிடம் மட்டும் இருக்கிறதா, பிறரிடமும் இருக்கிறதா, செல்லாததா என்று நான்கு நிலைகளில் ஒன்றைச் சுமக்கும் முறை இதற்குப் பயன்பட்டது. மெசி என்ற பெயரில் அறியப்படும் அந்த முறை, 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக்கட்டுரையில் விவரிக்கப்பட்டது.

2012இல் வந்த இன்டெல் ஜியான் இ5 சர்வர் ப்ராசஸர்கள் இன்னொரு அடி வைத்தன. நெட்வொர்க் அட்டை கொண்டுவரும் தரவை நினைவகத்தில் வைத்துக் கேஷை அடிப்பதற்குப் பதிலாக, நேராகக் கடைசிநிலைக் கேஷிலேயே வைத்துவிடுவது. எப்படியும் ப்ராசஸர் அடுத்த கணம் அதைத்தான் படிக்கப்போகிறது. கணக்குப்பிள்ளை உள்ளறையை விட்டுக் கல்லாவுக்கே வந்து சிட்டையில் எழுதிவிட்டுப் போகிறார்.

ஒட்டுக்கேட்பது இலவசமல்ல. சாதனத்தின் ஒவ்வொரு கோரிக்கையும் கேஷ்களைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்; அதற்குச் சில்லில் இடமும் மின்சாரமும் செலவாகும். ஆர்ம் உலகில் அதனால் இது சில்லைச் செய்கிறவரின் விருப்பம். சில சில்லுகளில் சாதனங்கள் கேஷைக் கேட்டுவிட்டுப் போகும் வாசல் வழியாக இணைக்கப்படும். சிலவற்றில் நேராக நினைவகத்துக்குப் போகும். ஒரே சில்லில் இரண்டு வகையும் இருப்பதுண்டு. தராசு போர்டில் இருந்த எம்7இல் டிஎம்ஏவுக்காக ஒட்டுக்கேட்கும் ஏற்பாடே கிடையாது.

இந்தக் குழப்பத்தை லினக்ஸ் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். சாதன டிரைவர் எழுதுகிறவர் க்ளீன், இன்வாலிடேட் என்று எதையும் சொல்வதில்லை. பஃபர் இப்போது யாருடையது, தரவு எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் சொல்கிறார்:

```c
d = dma_map_single(dev, buf, len, DMA_FROM_DEVICE);
/* இனி பஃபர் சாதனத்துடையது; தொடக்கூடாது */

dma_unmap_single(dev, d, len, DMA_FROM_DEVICE);
/* இனி ப்ராசஸருடையது */
```

ஒட்டுக்கேட்கும் வன்பொருளில் இந்த இரண்டு அழைப்புகளும் கேஷை ஒன்றும் செய்வதில்லை. மற்றவற்றில் திசையைப் பார்த்து, தேவையான லைன்களைத் தேவையான விதத்தில் துடைக்கும். இரு கையும் ஒரே நேரத்தில் தொட்டாக வேண்டிய டிஸ்கிரிப்டர் பட்டியல் போன்றவற்றுக்கு `dma_alloc_coherent` என்று தனி வழி. ஒட்டுக்கேட்பு இல்லாத சில்லில் அது கேஷ் தொடாத நினைவகத்தையே எடுத்துத் தரும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டிரைவரை மேசைக் கணினியில் எழுதிச் சோதிக்கிறவர், இரண்டாவது அழைப்புக்கு முன்பே பஃபரைப் படித்துவிட்டாலும் அங்கே எல்லாம் சரியாக ஓடும். மாதக்கணக்கில் ஓடும். அதே டிரைவர் ஒட்டுக்கேட்பு இல்லாத ஆர்ம் போர்டுக்குப் போன அன்று, பாக்கெட்டுகளின் நடுவில் கேஷ் லைன் அளவுக்குப் பழைய தரவு தலைகாட்டும். அங்கே லைன் பெரும்பாலும் 64 பைட். ‘இந்த போர்டு சரியில்லை’ என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். லினக்ஸ் கெர்னலை `CONFIG_DMA_API_DEBUG` என்ற தேர்வோடு கட்டினால், கைமாற்றும் சடங்கில் நடக்கும் தவறுகளில் பலவற்றை மேசைக் கணினியிலேயே பிடித்துவிடலாம்.

பெரிய பஃபர்களுக்கு நிரல்வழித் துடைப்பு சுமையாகிவிடுவதையும் சொல்ல வேண்டும். கேமராவிலிருந்து வரும் ஒரு படம் 4 மெகாபைட் என்றால் 64 பைட் லைன் கணக்கில் 65,536 லைன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. நொடிக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 20 லட்சம் கட்டளைகள், துடைப்பதற்கு மட்டும். கேமரா, திரை போன்றவற்றுக்கு ஒட்டுக்கேட்கும் வாசல் வேண்டுமா என்று சில்லு வடிவமைப்பாளர்கள் யோசிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தராசின் கணக்கோ நொடிக்கு 64 பைட். அதற்குக் கேஷ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. கடைசியில் அந்த பஃபரை 0x30000000இல் இருக்கும் சிறிய நினைவகப் பகுதிக்கு மாற்றினேன். அந்தப் பகுதியைக் கேஷில் ஏற்றாதே என்று எம்பியுவிடம் சொன்னேன். நான் சேர்த்திருந்த இன்வாலிடேட் வரியை எடுத்துவிட்டேன். `memset` மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அதனால் தீங்கில்லை. தட்டில் 7.25 கிலோ வைத்தேன், 7.25 வந்தது. எடுத்தேன், 0.00. மெனு பொத்தானை அழுத்தினேன். மெனு திறந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.